வந்தவர்கள் எத்தனை பேர்? நிலையான பட்ஜெட்டும் நெகிழ்வு பட்ஜெட்டும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பிக்கும் ஆசிரியர். பள்ளியில் ஆண்டு விழா, சுற்றுலா, விளையாட்டு விழா என்று எது நடந்தாலும், "கணக்கை சார் பார்த்துக்கொள்வார்" என்று நோட்டு என் கைக்கு வந்துவிடும். அப்படிக் கணக்குப் பார்த்தபோது நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கூட்டலிலோ கழித்தலிலோ தவறு இல்லை. ஒப்பிடக்கூடாத இரண்டு எண்களை ஒப்பிட்டேன். அதனால் சிக்கனமாகச் செலவு செய்த ஒருவர் தலைகுனிந்தார். இன்னோர் ஆண்டு, பணம் வீணானது தெரியாமல் நாங்கள் கைதட்டினோம்.

முதலில், நம் எல்லோருக்கும் பழக்கமான சத்துணவுக் கூடத்திலிருந்து தொடங்குவோம்.

சத்துணவு ஆயா போடும் கணக்கு

ஒரு தொடக்கப் பள்ளியில் 70 பிள்ளைகள் படிக்கிறார்கள். தொடக்க வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்பது மதிய உணவுத் திட்டத்தின் தேசிய அளவுகோல். 70 பேருக்கு 7 கிலோ. ஆனால் சத்துணவு அமைப்பாளர் தினமும் காலையில் 7 கிலோவை அளந்து போட்டுவிடுவதில்லை. "இன்றைக்கு எத்தனை பேர் டீச்சர்?" என்று வகுப்பு வகுப்பாகக் கேட்கிறார். 62 பேர் வந்திருந்தால் 6 கிலோ 200 கிராம் என்று கணக்கிடுகிறார்.

அன்று 6½ கிலோ அரிசி செலவானதாக வைத்துக்கொள்வோம். 7 கிலோவோடு ஒப்பிட்டால் அரை கிலோ மிச்சம். வந்த 62 பேருக்கு ஆகவேண்டிய 6 கிலோ 200 கிராமோடு ஒப்பிட்டால் 300 கிராம் அதிகம். செலவு ஒன்றுதான். ஆனால் ஓர் அளவுகோல் மிச்சம் என்கிறது, இன்னோர் அளவுகோல் அதிகம் என்கிறது. இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கும் யாரும் பெயர்ப்பட்டியலை வைத்து அரிசியைச் சரிபார்ப்பதில்லை. வருகைப் பதிவேட்டை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் எண்ணிக்கையை எதிர்பார்த்துப் போட்டு, பிறகு எது நடந்தாலும் மாற்றாமல் வைத்திருப்பது நிலையான பட்ஜெட். எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரிந்தபிறகு, அந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு ஆகியிருக்க வேண்டும் என்று, முன்பே ஒப்புக்கொண்ட அதே விகிதங்களை வைத்துத் திரும்பப் போடுவது நெகிழ்வு பட்ஜெட். சத்துணவுக் கூடத்தில் தினமும் நடப்பது இரண்டாவதுதான். அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. ஆனால் பணக் கணக்கு என்று வந்ததும் அதை மறந்துவிடுகிறோம். நானும் மறந்தேன்.

முதலாம் ஆண்டு: அதிகச் செலவு என்று எழுதினேன்

எங்கள் பகுதியில் 12 பள்ளிகள் சேர்ந்து ஒருநாள் தடகள விழா நடத்தினோம். இடம் எங்கள் பள்ளி மைதானம். ஒவ்வொரு பள்ளியும் 3,500 ரூபாய் பங்களிப்பு. மொத்தம் 42,000 ரூபாய். 400 மாணவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்து பட்ஜெட் போட்டோம்.

பந்தல், ஒலிபெருக்கி, ஓடுபாதைக்குக் கோடு போடுவது ஆகியவற்றுக்கு 18,000 ரூபாய். 300 பேர் வந்தாலும் 500 பேர் வந்தாலும் இந்தத் தொகை மாறாது. இதை நிலையான செலவு என்போம். மதிய உணவுக்கு ஒரு மாணவருக்கு 45 ரூபாய், சுண்டலுக்கும் தேநீருக்கும் 10 ரூபாய், முதுகில் குத்தும் எண் அட்டைக்கு 5 ரூபாய், ஆகத் தலைக்கு 60 ரூபாய். ஒருவர் கூடினால் 60 ரூபாய் கூடும், ஒருவர் குறைந்தால் 60 ரூபாய் குறையும். இது மாறும் செலவு. 400 பேருக்கு 24,000 ரூபாய். 18,000-ஐயும் 24,000-ஐயும் கூட்டினால் 42,000.

பொறுப்பை எங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைத்தோம். விழா அன்று வந்தவர்கள் 520 பேர். அது ஒரு நல்ல செய்தி. முன்பு பையன்களை மட்டும் அனுப்பிய சில பள்ளிகள் அந்த ஆண்டு மாணவிகளையும் அனுப்பியிருந்தன. விழா நன்றாக நடந்தது. கணக்கு முடித்தபோது மொத்தச் செலவு 48,140 ரூபாய்.

நான் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "பட்ஜெட் 42,000. செலவு 48,140. அதிகச் செலவு 6,140." கூட்டத்தில் அதை வாசித்தேன். ஒரு பள்ளியிலிருந்து வந்தவர், "இவ்வளவு தாராளமாகச் செலவு செய்ய யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார். உடற்கல்வி ஆசிரியர் எழுந்து, "வந்த பிள்ளைங்களைப் பட்டினியா அனுப்ப முடியுமா சார்?" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை, ஏனென்றால் அவர் கையில் எண் இல்லை. எண் என் கையில் இருந்தது. குறைந்த 6,140 ரூபாயைத் தன் பணத்திலிருந்து போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் என்னை விட்டுடுங்க" என்றார்.

இரண்டாம் ஆண்டு: மிச்சம் என்று கைதட்டினோம்

அடுத்த ஆண்டு பொறுப்பு ஓர் அறிவியல் ஆசிரியைக்குப் போனது. அதே 12 பள்ளிகள், அதே 42,000 ரூபாய், அதே 400 பேர் என்ற எதிர்பார்ப்பு. விகிதங்களையும் மாற்றவில்லை. அந்த ஆண்டு இரண்டு பள்ளிகள் வரவில்லை. வந்த மாணவர்கள் 310 பேர். செலவு 39,500 ரூபாய்.

"மிச்சம் 2,500" என்று எழுதினேன். கூட்டத்தில் கைதட்டல். "பாருங்கள், பொறுப்பாகச் செய்தால் மிச்சம் பிடிக்க முடியும்" என்று ஒருவர் சொன்னார். உடற்கல்வி ஆசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் விகிதக் கணக்குகளைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். உதாரணத்துக்கு விழாக் கணக்கையே கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, "சார், போன வருஷம் ஆட்கள் அதிகம் வந்தாங்கல்ல? அப்போ சாப்பாடு அதிகம் ஆகத்தானே செய்யும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அன்று மாலை நோட்டைத் திரும்ப எடுத்தேன்.

திரும்பப் போட்ட கணக்கு

நெகிழ்வு பட்ஜெட்டுக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான்:

ஆகியிருக்க வேண்டிய செலவு = நிலையான செலவு + (தலைக்கு மாறும் செலவு × வந்தவர் எண்ணிக்கை)

முதலாம் ஆண்டைப் பார்ப்போம். 520 பேருக்குத் தலைக்கு 60 ரூபாய் வீதம் 31,200 ரூபாய். நிலையான செலவு 18,000. ஆக, 520 பேர் வந்த விழாவுக்கு ஆகியிருக்க வேண்டியது 49,200 ரூபாய். ஆனது 48,140. அதாவது 1,060 ரூபாய் குறைவு!

எங்கே குறைந்தது? உணவுக்குத் தலைக்கு 45 என்று வைத்திருந்தோம். எண்ணிக்கை கூடியதும் அவர் சமையல்காரரிடம் பேசி 42 ரூபாய்க்கு முடித்திருந்தார். 520 பேருக்கு 3 ரூபாய் வீதம் 1,560 ரூபாய் மிச்சம். ஒலிபெருக்கிக்கு 500 ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது. 1,560-இல் 500 போக 1,060.

அப்படியானால் நான் எழுதிய அந்த 6,140 என்ன? அதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருந்தன. 120 பேர் கூடுதலாக வந்ததால் ஏறியது 7,200 ரூபாய். செலவு செய்தவர் திறமையால் குறைந்தது 1,060 ரூபாய். 7,200-இல் 1,060 போனால் 6,140. முதலாவதை எண்ணிக்கை வேறுபாடு என்றும் இரண்டாவதைச் செலவு வேறுபாடு என்றும் சொல்லலாம். முதலாவதற்கு அவர் பொறுப்பில்லை. எந்தப் பள்ளி எத்தனை பேரை அனுப்பும் என்பது அவர் கையில் இல்லை. இரண்டாவதற்குத்தான் அவர் பொறுப்பு. அதில் அவர் பாராட்டுக்குரியவர். நான் இரண்டையும் ஒரே எண்ணாக்கி, 'அதிகச் செலவு' என்று பெயர் சூட்டி, அவர் பெயருக்கு நேராக எழுதிவிட்டேன்.

இப்போது இரண்டாம் ஆண்டு. 310 பேருக்கு 60 ரூபாய் வீதம் 18,600. நிலையான செலவு 18,000. ஆகியிருக்க வேண்டியது 36,600. ஆனது 39,500. மிச்சம் என்று நாங்கள் கைதட்டிய ஆண்டில் உண்மையில் 2,900 ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது. ஆட்கள் குறைந்ததால் 5,400 ரூபாய் தானாகக் குறைந்தது. அந்தக் குறைவு இந்தக் கூடுதலை மறைத்துவிட்டது.

| | முதலாம் ஆண்டு | இரண்டாம் ஆண்டு |
|---|---|---|
| வந்தவர்கள் | 520 | 310 |
| நிலையான பட்ஜெட் (400 பேருக்கு) | 42,000 | 42,000 |
| நெகிழ்வு பட்ஜெட் (வந்தவர்களுக்கு) | 49,200 | 36,600 |
| உண்மைச் செலவு | 48,140 | 39,500 |
| நிலையான பட்ஜெட் சொன்னது | 6,140 அதிகம் | 2,500 மிச்சம் |
| நெகிழ்வு பட்ஜெட் சொன்னது | 1,060 மிச்சம் | 2,900 அதிகம் |

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். தீர்ப்பு அப்படியே தலைகீழாகிவிட்டது. மதிப்பெண் விஷயத்தில் நாம் இந்தத் தவறைச் செய்யவே மாட்டோம். ஐம்பதுக்கு 40 வாங்கியவனையும் நூறுக்கு 60 வாங்கியவனையும் பக்கத்தில் நிறுத்தி, 60 வாங்கியவன் கெட்டிக்காரன் என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை.

வேறுபாடு ஒரு கேள்வி, தீர்ப்பு அல்ல

இதோடு நிறுத்தியிருந்தால் நான் இரண்டாவது தவறையும் செய்திருப்பேன். "அப்படியானால் அறிவியல் டீச்சர்தான் வீணடித்தார்" என்று எழுதியிருப்பேன். நல்லவேளை, இம்முறை ரசீதுகளைப் பார்த்தேன்.

பந்தல் வகையில் சரியாக 18,000 ஆகியிருந்தது. சுண்டல், தேநீருக்கும் 310 பேருக்குச் சரியாக 3,100 ஆகியிருந்தது. எண் அட்டைகள் 400 அச்சடித்திருந்தார்கள். ஆண்டையும் சேர்த்து அச்சடித்திருந்ததால் மீந்த 90 அட்டைகள் மறு ஆண்டுக்கு உதவாது. அதில் 450 ரூபாய் போயிற்று. மீதி 2,450 ரூபாயும் உணவில்தான். 310 பேருக்கு 45 ரூபாய் வீதம் 13,950 ஆகியிருக்க வேண்டும். ஆனது 16,400.

அந்த 16,400 எப்படி வந்தது? 400 பொட்டலங்கள், ஒன்று 41 ரூபாய். டீச்சர் விலை பேசி 4 ரூபாய் குறைத்திருந்தார். 400 பொட்டலத்துக்கு 4 ரூபாய் வீதம் 1,600 ரூபாய் மிச்சம். இது விலை வேறுபாடு. ஆனால் 310 போதும் என்ற இடத்தில் 400 வாங்கியதால், 90 பொட்டலம் 45 ரூபாய் வீதம் 4,050 ரூபாய் அதிகம். இது அளவு வேறுபாடு. 4,050-இல் 1,600 போனால் 2,450. கணக்கு பொருந்திவிட்டது.

விலை பேசுவதில் அவரும் உடற்கல்வி ஆசிரியரைப் போலவே திறமையாக நடந்திருக்கிறார். பொட்டலங்கள் ஏன் அதிகமாக வாங்கப்பட்டன? வராத இரண்டு பள்ளிகளும் தேர்வு இருப்பதால் வர இயலாது என்று மூன்று நாள் முன்னரே கடிதம் கொடுத்திருந்தன. சமையல்காரருக்கு எண்ணிக்கை சொல்லவேண்டிய நாள் விழாவுக்கு முந்தைய நாள். போதிய நேரம் இருந்தது. கடிதம் டீச்சர் கைக்குப் போகவில்லை. அது என் கோப்பில் இருந்தது. பங்களிப்புப் பணத்தோடு வந்த கடிதம் என்று நினைத்துக் கணக்குக் கோப்பில் வைத்துவிட்டேன்.

இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். வேறுபாடு என்ற எண் யார் தவறு என்று சொல்வதில்லை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. போய்ப் பார்த்தால் சில சமயம் நம் மேசையே கண்ணில் படும்.

எதை வைத்து நெகிழ்த்துவது?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டாம் ஆண்டு உணவுக் கணக்கை நான் வேறு விதமாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "வாங்கிய பொட்டலம் 400. தலைக்கு 45 ரூபாய் வீதம் 18,000 ஆகியிருக்க வேண்டும். ஆனது 16,400. ஆகவே 1,600 மிச்சம்." இதுவும் பார்க்க நெகிழ்வு பட்ஜெட் போலத்தான் இருக்கிறது. ஆனால் வீணான 90 பொட்டலங்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிட்டன.

காரணம், வாங்கிய பொருளின் அளவை வைத்து நெகிழ்த்தியதுதான். எந்தப் பயனுக்காகச் செலவு செய்கிறோமோ அந்தப் பயனின் எண்ணிக்கையை வைத்து நெகிழ்த்த வேண்டும். இங்கே பயன், சாப்பிட்ட மாணவர்கள். சத்துணவிலும் அப்படித்தான். எத்தனை கிலோ உலையில் போட்டோம் என்பதை அடிப்படையாக வைத்தால் அரிசிக் கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும், மிஞ்சிய சோறு எவ்வளவு என்பது தெரியாமலே போகும். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை வைத்தால்தான் தெரியும்.

இன்னொன்று, எல்லாச் செலவும் நிலையானது, மாறுவது என்ற இரண்டில் அடங்கிவிடாது. சுற்றுலாவுக்குப் பேருந்து பேசுகிறோம். ஒரு பேருந்தில் 55 பேர். 110 பேருக்கு இரண்டு பேருந்து. 111-ஆவது மாணவர் வந்தால் மூன்றாவது பேருந்து வேண்டும். அந்த ஒருவருக்காக ஒரு முழு வாடகை ஏறும். பிறகு 165 பேர் வரை ஏறாது. இது படிப்படியாக ஏறும் செலவு. இதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் போட்டால், 111 பேரை அழைத்துப்போன ஆசிரியர்மீது காரணமில்லாமல் பழி விழும். நமக்கு வரும் பள்ளி மானியமும் இந்தப் படிக்கட்டு முறையில்தான் இருக்கிறது. சமக்ர சிக்ஷா ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில் 101 முதல் 250 மாணவர் வரை 50,000 ரூபாய். 250-ஐத் தாண்டினால் 75,000 ரூபாய். 249-க்கும் 251-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு பேர்தான். ஆனால் ஒரு படி ஏறிவிடுகிறோம்.

நிலையான செலவு என்பதும் என்றைக்கும் நிலையானது அல்ல. எங்கள் பந்தல் 550 பேருக்குப் போதும். 700 பேர் வந்தால் இன்னொரு பந்தல் போட வேண்டும். ஆகவே 18,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் '550 பேர் வரை' என்று இப்போது எழுதி வைக்கிறேன்.

உங்கள் பள்ளியில் இதைச் செய்ய நினைத்தால், பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இன்னும் ஒரு பிள்ளை வந்தால் இந்தத் தொகை ஏறுமா?" ஏறாது என்றால் நிலையானது. ஏறும் என்றால் மாறுவது. "இன்னும் எத்தனையோ பேர் வந்தபிறகு ஏறும்" என்றால் படிக்கட்டு. இந்தப் பிரிப்பையும் விகிதங்களையும் செலவு செய்வதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். செலவு முடிந்தபிறகு விகிதத்தை நிர்ணயித்தால், ஆன செலவுக்கு ஏற்றாற்போல் பட்ஜெட்டை வளைக்க முடியும். பிறகு வேறுபாடு எப்போதும் பூஜ்யம்தான். விகிதம் மாறக்கூடாது, எண்ணிக்கை மட்டும்தான் மாற வேண்டும்.

நிலையான பட்ஜெட் தேவையில்லையா?

தேவை. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. எவ்வளவு பணம் திரட்ட வேண்டும், எவ்வளவு வரை செலவு செய்ய அனுமதி என்பதற்கு நிலையான பட்ஜெட்தான் எல்லைக்கோடு. அரசு ஒதுக்கிய தொகை 50,000 என்றால், பிள்ளைகள் அதிகம் வந்தார்கள் என்று நாமாக 60,000 செலவு செய்துவிட முடியாது. நெகிழ்வு பட்ஜெட் பணம் தருவதில்லை, அனுமதியும் தருவதில்லை. தணிக்கையில் கேட்டால் ஒதுக்கீட்டு ஆணையைத்தான் காட்ட வேண்டும்.

ஆகவே இரண்டுக்கும் இரண்டு வேலை. செலவுக்கு முன் எல்லை போட நிலையான பட்ஜெட். செலவுக்குப் பின் ஒருவரின் பணியை எடைபோட நெகிழ்வு பட்ஜெட். எல்லை போட வைத்திருக்கும் கோலை எடுத்து ஆளை எடைபோட்டதுதான் என் பிழை. எண்ணிக்கை வேறுபாட்டையும் தள்ளிவிட வேண்டியதில்லை. 400 என்று நினைத்த இடத்தில் 520 பேர் ஏன் வந்தார்கள், முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்ததா என்று கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வி திட்டம் போட்டவர்களுக்கு உரியது. பரிமாறியவருக்கு உரியது அல்ல.

பிறகு என்ன ஆயிற்று

திரும்பப் போட்ட கணக்கைத் தலைமையாசிரியை அம்மாவிடம் காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, "இதை எங்கே வாசித்தீர்களோ அங்கேயே வாசியுங்கள்" என்றார். அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். பங்களிப்பு முறையை மாற்றலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. 10 பேரை அனுப்பும் பள்ளியும் 60 பேரை அனுப்பும் பள்ளியும் ஒரே 3,500 ரூபாய் கொடுப்பதால்தானே எண்ணிக்கை கூடும்போது பணம் பற்றாமல் போகிறது?

இப்போது ஒவ்வொரு பள்ளியும் 1,500 ரூபாய் நிலையான பங்காகத் தருகிறது. 12 பள்ளிகளுக்கு 18,000. அது பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் போய்விடும். அதன்மேல் அனுப்பும் மாணவர் ஒருவருக்கு 60 ரூபாய். 10 பேரை அனுப்பும் பள்ளிக்கு 2,100 ரூபாய். 60 பேரை அனுப்பும் பள்ளிக்கு 5,100 ரூபாய். எண்ணிக்கையை இரண்டு நாள் முன்பு உறுதி செய்ய வேண்டும். செலவு எப்படி ஏறுகிறதோ வரவும் அப்படியே ஏறுகிறது. இனி யார் சட்டைப் பையிலிருந்தும் பணம் போட வேண்டியதில்லை.

உடற்கல்வி ஆசிரியருக்கு அவருடைய 6,140 ரூபாய் திரும்பக் கிடைத்தது. முதலில் கையிருப்பில் இருந்த 2,500-ஐக் கொடுத்தோம், மீதியை அடுத்த ஆண்டு கொடுத்தோம். அவரே மறுபடியும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். பழைய நோட்டில் 'அதிகச் செலவு 6,140' என்று நான் எழுதிய வரி அப்படியே இருக்கிறது. கணக்கு நோட்டில் எதையும் அடிக்கக்கூடாது. அதன் கீழே சிவப்பு மையில், "வந்தவர் 520. ஆகியிருக்க வேண்டியது 49,200. மிச்சம் 1,060" என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் நோட்டைத் திறந்ததும் நான் எழுதும் முதல் வரி தொகை அல்ல, வந்தவர் எண்ணிக்கை. அதை எழுதிய பிறகுதான் ரூபாயை எழுதுகிறேன்.